உள்ளூர்க் கடையிடம் ஸ்பான்சர்ஷிப் கேட்டுக் கடிதம் எழுதுவது எப்படி: கல்லூரித் திரைக்கழகச் செயலாளர்களுக்கு

சென்ற கல்வியாண்டில், மதுரைக்கு வெளியே பேருந்தில் அரை மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு கலைக் கல்லூரியின் திரைக்கழகச் செயலாளராக நான் இருந்தேன். எங்கள் கழகத்துக்கு ஒரு யூடியூப் சேனல் உண்டு. பழைய தியேட்டர்களில் படம் ஓட்டிய ஆபரேட்டர்கள், பேனர் வரைந்தவர்கள், டிக்கெட் கிழித்தவர்கள் ஆகியோரைச் சந்தித்துப் பேட்டி எடுத்து வெளியிடுகிறோம். அதற்கு ஸ்பான்சர் தேடி, ஒரே கடிதத்தைப் பதினான்கு பிரதிகள் ஜெராக்ஸ் எடுத்து, டவுன்ஹால் ரோட்டிலிருந்து மாசி வீதிகள் வரை கொடுத்துவிட்டு வந்தேன். ஓரிடத்திலிருந்தும் பதில் வரவில்லை. பதினைந்தாவதாக, ஒரு கண்ணாடிக் கடைக்கென்றே தனியாக எழுதிய கடிதத்துக்குத்தான் 18,000 ரூபாய் கிடைத்தது. அந்தக் கடிதத்தையும், அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவற்றையும் கீழே வரிசையாகக் கொடுக்கிறேன். கடிதம் எழுதுவது ஐந்தாவது படிதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; அதிலிருந்து தொடங்கியதே நான் செய்த பிழை.

## 1. முதலில் கல்லூரிக்குள் இரண்டு கையெழுத்து வாங்குங்கள்

திரைக்கழகம் தனி அமைப்பு அல்ல. அதன் பெயரில் வங்கிக் கணக்கு இருக்காது, பான் எண் இருக்காது, லெட்டர்பேடும் பெரும்பாலும் இருக்காது. ஆகவே கடைக்காரருக்குக் கடிதம் எழுதுவதற்கு முன், பொறுப்பாசிரியர் வழியாக முதல்வருக்கு ஒரு விண்ணப்பம் எழுத வேண்டும். அதில் மூன்று அனுமதிகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: வெளியாரிடம் விளம்பர ஆதரவு கேட்பதற்கு, அதற்காகக் கல்லூரியின் பெயரைப் பயன்படுத்துவதற்கு, வரும் பணத்தைக் கல்லூரிக் கணக்கு ஒன்றில் பெறுவதற்கு. மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கேட்டால் ஓரத்தில் 'அனுமதிக்கப்பட்டது' என்று ஒரு கையெழுத்து விழும். பிறகு, கல்லூரியின் வரவுசெலவைக் கவனிக்கும் பர்சார் அலுவலகத்தில் பணத்தைப் பற்றி அனுமதி எங்கே என்று கேட்பார்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது. இரண்டாம் முறை போய்த் தனி வரியாகக் கேட்டு வாங்கி வந்தேன். மொத்தம் ஒன்பது நாள் ஆயிற்று.

இரண்டாவது கையெழுத்து பர்சார் அலுவலகத்தில் வாங்க வேண்டியது. காசோலை எந்தப் பெயரில் வர வேண்டும் என்பதை எழுத்துக்கு எழுத்து அங்கே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் கல்லூரியில் மாணவர் சங்கங்களுக்கென்று ஒரு கணக்கு இருந்தது. அதன் பெயரில் உள்ள ஒரு சொல்லை நாங்கள் வேறு விதமாக எழுதிக்கொண்டிருந்தோம்.

அவசரத்துக்குச் செயலாளரின் ஜிபே எண்ணைக் கடிதத்தில் போட்டுவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். மாணவர் ஒருவரின் சொந்தக் கணக்குக்குப் போன பணத்துக்குக் கல்லூரி ரசீது தராது. ரசீது இல்லாத பணத்தைக் கடைக்காரர் தம் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. பின்னால் ஒரு பேச்சு கிளம்பினால் உங்களிடம் காட்டுவதற்கும் எதுவும் இருக்காது.

## 2. எண்களை நேர்மையாக எடுத்து வையுங்கள்

கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி 'எத்தனை பேர் பார்க்கிறார்கள்' என்பது. அதற்கு எத்தனை பேர் சப்ஸ்கிரைப் செய்திருக்கிறார்கள் என்று பதில் சொல்லக் கூடாது. சப்ஸ்கிரைப் செய்தவர்கள் எல்லாரும் ஒவ்வொரு வீடியோவையும் பார்ப்பதில்லை. கடை நடத்துகிறவர் இதை நம்மைவிட நன்றாகப் புரிந்துவைத்திருப்பார்.

சராசரியும் ஏமாற்றும். எங்கள் கடைசிப் பத்து வீடியோக்களில் ஒன்று மட்டும், யாரோ பெரிய பக்கம் ஒன்றில் பகிர்ந்ததால், 41,000 பார்வை போயிருந்தது. மற்ற ஒன்பதும் சுமார் 900. பத்தையும் கூட்டி வகுத்தால் 4,910 வரும். முதல் பதினான்கு கடிதங்களிலும் 'சராசரியாக ஏறத்தாழ 5,000 பார்வைகள்' என்றுதான் எழுதியிருந்தேன். கணக்கு சரி, சொன்னது தவறு. அடுத்து வரப்போகும் வீடியோவுக்கு 900 பேர்தான் வருவார்கள் என்பது எனக்குத் தெரியும். பணம் கொடுத்துவிட்டு மூன்று மாதம் கழித்துப் பார்க்கும் கடைக்காரருக்கும் தெரிந்துவிடும். வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண் எதுவோ அதைச் சொல்லுங்கள். பெரிதாக ஓடிய வீடியோவைத் தனி வரியில், அது விதிவிலக்கு என்றே சொல்லிக் குறிப்பிடலாம்.

இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியமானது: அந்த 900 பேரில் கடைக்கு வந்துபோகக்கூடிய தொலைவில் இருப்பவர்கள் எத்தனை பேர்? யூடியூப் ஸ்டுடியோவைக் கணினியில் திறந்து, `Analytics` பக்கத்தில் `Advanced mode` போய், `Cities` என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஊர்வாரியாகப் பார்வைகள் தெரியும். ஒரே வீடியோவுக்குப் பார்த்தால் பார்வை குறைவு என்று விவரம் வராமலும் போகலாம். ஆகவே சேனல் முழுவதுக்கும், கடந்த 90 நாளுக்கு எடுங்கள். எங்களுடையதில் மதுரையின் பங்கு ஏறக்குறைய மூன்றில் ஒன்று. சென்னை அதற்கு அடுத்து. பாதிக்கு மேல் மதுரை என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அந்தத் திரையை அப்படியே பிரிண்ட் எடுத்துக் கடிதத்தோடு இணைத்துவிட்டால், அதன் பிறகு யாரும் நம் சொல்லைச் சந்தேகிப்பதில்லை.

## 3. செலவுக் கணக்கு, அதன் பிறகு தொகை

'தங்களால் இயன்றதைத் தரவும்' என்று எழுதினால் ஐந்நூறு ரூபாய் கிடைக்கும், அதுவும் கோயில் கொடைக்குக் கொடுப்பது போல. தொகையை நீங்களே சொல்ல வேண்டும்; அது எங்கிருந்து வந்தது என்பதும் தெரிய வேண்டும். எங்கள் கணக்கு இது.

ஒரு வீடியோவுக்கு லென்ஸும் வயர்லெஸ் மைக்கும் ஒரு நாள் வாடகை 1,400 ரூபாய், ஏழு பேருக்குச் சாப்பாடும் டீயும் 900, ஆட்டோவும் பெட்ரோலும் 500, ஆக 2,800. பருவத்துக்கு ஆறு வீடியோ என்றால் 16,800. எடுத்ததையெல்லாம் சேமித்துவைக்க ஒரு ஹார்ட் டிஸ்க் 6,200. மொத்தம் 23,000. கல்லூரி தருவது 5,000. மீதி 18,000 கடையிடம் கேட்க வேண்டியது. உழைப்புக்கு நாங்கள் எதுவும் போட்டுக்கொள்ளவில்லை. போட்டால் முதல்வர் அனுமதித்திருக்க மாட்டார்.

## 4. பதிலுக்கு என்ன தருவோம் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள்

இங்கேதான் பல கழகங்கள் சிக்கிக்கொள்கின்றன. கடையில் போய் உட்கார்ந்ததும், 'கேபிள் டிவிக்கு எடுத்த முப்பது செகண்ட் விளம்பரம் ஒன்று இருக்கிறது, அதை உங்கள் வீடியோ ஆரம்பத்தில் ஒட்டிவிடுங்கள்' என்பார்கள். சரி என்று தலையாட்டிவிடாதீர்கள். விளம்பரதாரர் தயாரித்துக் கொடுத்த விளம்பரப் படத்தை நம் வீடியோவுக்குள் சேர்த்து ஏற்றுவதை யூடியூப் அனுமதிப்பதில்லை. அனுமதிப்பது அசையாத ஓர் அட்டை. அது ஐந்து விநாடிக்கு மேல் போகக் கூடாது, வீடியோவின் தொடக்கத்திலேயே வருவதானால் அதில் சேனலின் பெயரோ சின்னமோ கடையின் பெயரோடு சேர்ந்து இருக்க வேண்டும். இறுதியில் போடுவதானால் கடைசி முப்பது விநாடிக்குள், அதுவும் அசையாததாக இருக்க வேண்டும். நாமே நம் வாயால் கடையைப் பற்றிச் சொல்வதற்குத் தடையில்லை.

ஆகவே நாங்கள் ஒவ்வொரு வீடியோவுக்கும் மூன்று தருவதாக எழுதினோம்: தொடக்கத்தில் இரு பெயரும் உள்ள ஐந்து விநாடி அட்டை, நடுவில் தொகுப்பாளர் பேசும் பதினைந்து விநாடி, விளக்கப் பகுதியின் முதல் வரியில் கடையின் பெயரும் முகவரியும். அந்தப் பருவத்தில் வேறு கண்ணாடிக் கடையிடம் பணம் வாங்க மாட்டோம் என்பதையும் சேர்த்தோம். இதற்கு நமக்கு ஒரு பைசாவும் செலவில்லை, ஆனால் கடைக்காரர் விரலை வைத்து மறுபடி படித்தது இந்த வரியைத்தான்.

தர முடியாதவற்றையும் எழுதிவிட வேண்டும். பேட்டியில் என்ன கேட்கலாம், எதை வெட்டலாம் என்பதில் கடைக்குப் பங்கில்லை. 'மதுரையிலேயே விலை குறைவு' போன்ற, நாம் சரிபார்க்காத பேச்சைத் தொகுப்பாளர் பேச மாட்டார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்கு அதைப் பரிந்துரைத்துப் பேசியவரும் பொறுப்பு. பணம் வாங்கியது பார்வையாளருக்குத் தெரிவிக்கப்படும். வீடியோவை ஏற்றும்போது விவரப் பக்கத்தில் `Show more` அழுத்தி `Paid promotion` என்ற கட்டத்தில் குறியிட்டால், முதல் சில விநாடிகளுக்கு `Includes paid promotion` என்று திரையில் வரும். இதைக் கடைக்காரர் வீடியோ வந்த பிறகு பார்த்து 'இது என்ன, குற்றம் போல் போட்டிருக்கிறீர்கள்' என்று கேட்பதைவிட, கடிதத்திலேயே பார்ப்பது நல்லது.

## 5. கடிதம்

எந்தக் கடைக்கு எழுதுவது என்பதை ஒரே கேள்வியால் தீர்க்கலாம்: நம் கல்லூரி மாணவர்கள் ஏற்கெனவே அங்கே போகிறார்களா? தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடையில் எங்கள் வகுப்பில் ஒருவரும் நகை வாங்கப்போவதில்லை. கண்ணாடிக் கடையில் கல்லூரி அடையாள அட்டையைக் காட்டினால் தள்ளுபடி உண்டு. விடுதியில் பாதிப் பேர் அங்கே ஃபிரேம் வாங்கியவர்கள். மது, புகையிலை, பணம் கட்டி ஆடும் விளையாட்டு, கட்சிக்காரர் நடத்தும் நிறுவனம் ஆகியவற்றைக் கல்லூரி எப்படியும் அனுமதிக்காது. அவற்றுக்கு எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

உரிமையாளரின் பெயரைத் தெரிந்துகொண்டு அவர் பெயருக்கே எழுதுங்கள். 'மேலாளர் அவர்களுக்கு' என்று எழுதிய என் கடிதங்கள் கல்லாப்பெட்டியைத் தாண்டவில்லை. அவற்றில் ஒன்றின் பின்பக்கத்தில் யாரோ கூட்டல் கணக்குப் போட்டிருந்ததை நானே பார்த்தேன். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. நாங்கள் கொடுத்தது இதுதான். பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

> அனுப்புநர்
> செயலாளர், திரைக்கழகம்,
> …… கல்லூரி, மதுரை மாவட்டம்.
>
> பெறுநர்
> திரு. …… அவர்கள், உரிமையாளர்,
> …… கண்ணாடியகம், பைபாஸ் ரோடு, மதுரை.
>
> நாள்: ……
>
> பொருள்: எங்கள் யூடியூப் சேனலின் ஆறு வீடியோக்களுக்கு ரூ.18,000 விளம்பர ஆதரவு வேண்டுதல் தொடர்பாக.
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> வணக்கம். வரும் ஜூலை முதல் அக்டோபர் வரை எங்கள் திரைக்கழகம் வெளியிட இருக்கும் ஆறு வீடியோக்களுக்குத் தங்கள் கடை விளம்பர ஆதரவு தர வேண்டும் என்று கேட்டு இக்கடிதத்தை எழுதுகிறேன். இதற்கான தொகை ரூ.18,000, இரண்டு தவணைகளில் தரலாம்.
>
> மதுரைத் தியேட்டர்களில் பணியாற்றிய தொழிலாளர்களைப் பேட்டி கண்டு வெளியிடுவது எங்கள் சேனலின் பணி. வழக்கமாக ஒரு வீடியோவை முதல் 30 நாளில் சுமார் 900 பேர் பார்க்கின்றனர்; ஒரே ஒரு வீடியோ விதிவிலக்காக 41,000 பார்வைகளைப் பெற்றது. கடந்த 90 நாளில் பார்த்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மதுரையில் இருப்பவர்கள். இதற்கான யூடியூப் பக்கத்தின் பிரதியை இணைத்துள்ளேன். எங்கள் கல்லூரி மாணவர் பலர் தங்கள் கடையில் ஏற்கெனவே கண்ணாடி வாங்கி வருகின்றனர் என்பதால் தங்களை அணுகுகிறேன்.
>
> ஒவ்வொரு வீடியோவிலும் தொடக்கத்தில் தங்கள் கடையின் பெயரும் எங்கள் கழகத்தின் பெயரும் உள்ள ஐந்து விநாடி அட்டையும், இடையில் பதினைந்து விநாடி அறிவிப்பும், விளக்கப் பகுதியின் முதல் வரியில் தங்கள் முகவரியும் இடம்பெறும். அக்டோபர் இறுதி வரை வேறு எந்தக் கண்ணாடிக் கடையின் ஆதரவையும் பெற மாட்டோம். யூடியூப் விதிப்படி இது விளம்பர ஆதரவு பெற்ற வீடியோ என்று திரையில் காட்டப்படும். வீடியோவின் உள்ளடக்கத்தைக் கழகமே தீர்மானிக்கும்.
>
> தங்களுக்கு உடன்பாடு எனில் ரூ.9,000 இப்போதும், மூன்றாவது வீடியோ வெளியான பின் ரூ.9,000-உம், '……' என்ற கல்லூரிக் கணக்கின் பெயரில் காசோலையாகத் தர வேண்டுகிறேன். கல்லூரியின் ரசீது தரப்படும். வரும் வாரம் தங்களுக்கு வசதியான நேரத்தில் நேரில் வந்து விவரம் கூறுகிறேன்.
>
> இப்படிக்கு,
> செயலாளர் (கையெழுத்து, அலைபேசி எண்)
> பொறுப்பாசிரியர் (மேலொப்பம்)
>
> இணைப்பு: 1. முதல்வரின் அனுமதிப் பிரதி 2. யூடியூப் பக்கப் பிரதி 3. செலவுக் கணக்கு

முதல் கடிதத்தை நான் எப்படித் தொடங்கியிருந்தேன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்: சினிமா சமுதாயத்தின் கண்ணாடி என்பதில் ஆரம்பித்து, எங்கள் கழகம் தொடங்கிய ஆண்டு, நடத்திய குறும்படப் போட்டி, வந்துபோன சிறப்பு விருந்தினர் என்று முக்கால் பக்கம் ஓடியபின், கடைசிப் பத்தியில்தான் பணம் என்ற சொல் வரும். கடைக்காரர் நின்றுகொண்டே படிக்கிறார். வாடிக்கையாளர் வந்தால் வைத்துவிடுகிறார். ஆகவே 'பொருள்' வரியிலேயே தொகை இருக்க வேண்டும். அதைப் பார்த்து வேண்டாம் என்பவர் கடைசி வரியைப் பார்த்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வார்.

'நன்கொடை' என்ற சொல்லைக் கடிதத்தில் எங்கும் போடாதீர்கள். நன்கொடை என்பது பதிலுக்கு எதுவும் பெறாமல் கொடுப்பது. அதற்கு வரிச்சலுகை வேண்டுமென்றால் கல்லூரியை நடத்தும் அறக்கட்டளைக்கு வருமான வரித் துறையின் அங்கீகாரம் இருக்க வேண்டும், அதற்கென்று தனிச் சான்றும் தர வேண்டும். நாம் அட்டையும் அறிவிப்பும் தருகிறோம், ஆகவே இது விளம்பரம். கடைக்காரர் இதைத் தம் தொழிலின் விளம்பரச் செலவாக எழுதிக்கொள்ளலாம். கடிதத்தில் நன்கொடை என்றும் ரசீதில் விளம்பரம் என்றும் இருந்தால் அவருடைய ஆடிட்டர் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேள்வி கேட்பார்.

## 6. கொண்டுபோய்க் கொடுக்கும் நாளும் நேரமும்

வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், நேரில் போங்கள், இருவராகப் போங்கள். ஜூன் மாதம் கல்லூரி திறந்ததும் அனுமதி வேலையைத் தொடங்கினால் ஜூன் கடைசி வாரத்தில் கடிதம் கையில் இருக்கும். ஜவுளிக்கடைக்காரர்கள் ஆடி பிறந்துவிட்டால் தள்ளுபடி விற்பனையில் இருப்பார்கள், முகம் பார்த்துப் பேச நேரமிருக்காது. தீபாவளியை நம்பிப் பின்னால் போனால், விளம்பரத்துக்கென்று ஒதுக்கிய பணம் அதற்குள் பேசி முடிந்திருக்கும். எங்களுக்கோ நவம்பரில் பருவத் தேர்வு.

கிழமைக்கு ராகுகாலம் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா என்பது இங்கே கேள்வி இல்லை. நான் வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் போனேன்; வெள்ளியன்று பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகுகாலம். உரிமையாளர் எழுந்து வரவேற்றார், உட்காரச் சொன்னார், கடிதத்தை மட்டும் கையில் வாங்கவில்லை. "அங்கயே மேஜைல வச்சிரும்மா, பன்னெண்டு ஆகட்டும்" என்றார். ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அவர் ஒரு பெரியவரின் பழைய ஃபிரேமில் மூக்குத் தாங்கிகளைக் கழற்றி, அடியில் படிந்த பச்சையை ஊசியால் சுரண்டிவிட்டுப் புதியதை மாட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பன்னிரண்டு ஐந்துக்குக் கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை எடுத்தார். முழுதும் படித்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஏம்மா, இதே லெட்டர் எத்தன கடைக்குப் போயிருக்கு?"

"இது உங்களுக்கு மட்டும் எழுதினது சார். இதுக்கு முன்னாடி வேற லெட்டர் பதினாலு கடைக்குக் கொடுத்தேன். யாரும் தரல."

சிரித்தார். பிறகு கால்குலேட்டரை இழுத்து, 18,000-ஐ ஆறால் வகுத்து, வந்த 3,000-ஐ 900-ஆல் வகுத்து, "ஒரு ஆளுக்கு மூணு ரூவா முப்பது காசு. அதுலயும் மதுரைக்காரங்கன்னு பாத்தா பத்து ரூவா ஆகுது. பேப்பருக்குள்ள நோட்டீஸ் வைக்கிறது இதவிடக் கம்மிதான்" என்றார். இந்தக் கேள்விக்கு நான் தயாராகப் போகவில்லை, நீங்கள் போங்கள். என்னோடு வந்த பொருளாளர்தான் சமாளித்தான்: நோட்டீஸ் அன்றைக்கே குப்பைக்குப் போய்விடும், வீடியோ அடுத்த வருடமும் இருக்கும், அதில் கடையின் முகவரியும் இருக்கும் என்றான். விளக்கப் பகுதியிலிருந்து முகவரியை எப்போதும் நீக்கக் கூடாது என்று அவர் ஒரு நிபந்தனை போட்டார். அதை அங்கேயே கடிதத்தின் பிரதியில் பேனாவால் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். 'எப்போதும்' என்று எழுதியது அவசரம்; 'சேனல் இருக்கும் வரை' என்று எழுதியிருக்க வேண்டும்.

கடிதத்தின் இன்னொரு பிரதியில் 'பெற்றுக்கொண்டேன்' என்று தேதியோடு கையெழுத்து வாங்கி வாருங்கள். பதிலுக்கு ஒரு வாரம் பொறுத்து ஒரு முறை அழையுங்கள். இரண்டாம் வாரம் ஒரு முறை. மூன்றாவது முறை அழைக்க வேண்டியிருந்தால் அந்தக் கடையை விட்டுவிடலாம். எங்களுக்குச் சரி என்ற பதில் பதினோராம் நாள் வந்தது. காசோலை கைக்கு வர மேலும் ஒரு வாரம்.

## 7. காசோலை, ரசீது, வரி

கடைக்காரர் பணமாகக் கொடுக்க முன்வருவார், குறிப்பாக நல்ல வியாபாரம் நடந்த நாளில். வாங்க வேண்டாம். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. எங்கள் தவணை 9,000 என்பதால் அந்த வரம்புக்குள்தான் வருகிறது, ஆனாலும் ரொக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு பர்சார் அலுவலகம் திறக்கும் வரை காத்திருப்பது நமக்குத் தேவையில்லாத பொறுப்பு. காசோலையில் இரண்டு கோடு போட்டிருக்கிறதா, பெயர் எழுத்துக்கு எழுத்துச் சரியா என்று கடையில் நிற்கும்போதே பாருங்கள். எழுதிய தேதியிலிருந்து மூன்று மாதம்தான் அது செல்லும். பொறுப்பாசிரியரின் மேஜை இழுப்பறையில் ஒரு பருவம் தூங்கிய காசோலைகளை நான் அறிவேன்.

ரசீதைக் கல்லூரி தர வேண்டும், கழகம் அல்ல. அதில் 'யூடியூப் வீடியோக்களுக்கான விளம்பர ஆதரவு, முதல் தவணை' என்று எழுதச் சொல்லுங்கள். வெறுமனே 'பெறப்பட்டது' என்றால் போதாது. 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீது என்பதால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்திட வேண்டும். ஸ்டாம்பு அலுவலகத்தில் இல்லை என்ற காரணத்துக்காக ரசீது இரண்டு நாள் தாமதமாவது உண்டு. தபால் நிலையத்தில் நாலைந்து வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரிக்கு ஜிஎஸ்டி எண் இல்லை என்றால் ரசீதில் வரி என்று தனியாக எதையும் சேர்த்து வாங்கக் கூடாது. ஸ்பான்சர் செய்யும் கடை கம்பெனியாகவோ கூட்டு வியாபாரமாகவோ இருந்தால் ஸ்பான்சர்ஷிப்புக்கான வரியைக் கடையே கட்ட நேரலாம். அது அவர்களுடைய ஆடிட்டர் பார்க்க வேண்டியது. அவர் கேட்டால் கடிதப் பிரதியையும் ரசீதையும் கொடுத்தால் போதும்.

செலவு செய்யும்போது வாடகைக் கடையிலும் சாப்பாட்டுக் கடையிலும் கல்லூரியின் பெயரில் பில் வாங்குங்கள். ஆட்டோவுக்குப் பில் கிடைக்காது. அதற்கு ஒரு வவுச்சரில் எங்கிருந்து எங்கே, எவ்வளவு என்று எழுதிப் பயணம் செய்தவரே கையெழுத்திட வேண்டும். இந்த வவுச்சர்களை அன்றன்றே எழுதாமல் அக்டோபரில் உட்கார்ந்து மொத்தமாக எழுதியதில், படப்பிடிப்பே நடக்காத ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு 140 ரூபாய் ஆட்டோச் செலவு எழுதி மாட்டிக்கொண்டோம்.

## 8. இரண்டாம் தவணைக்கு முன்

மூன்றாவது வீடியோ வெளியானதும் ஒரே ஒரு தாள் தயார் செய்யுங்கள்: மூன்று வீடியோக்களின் தலைப்பு, வெளியான தேதி, இன்றுவரையான பார்வை, அதில் மதுரையின் பங்கு, கடையின் அட்டை வரும் நிமிடம். வீடியோவின் பின்னணியில் எங்காவது சினிமாப் பாட்டு ஒலித்திருந்தால் அதன் உரிமையாளரிடமிருந்து பதிப்புரிமைக் கோரிக்கை வந்திருக்கிறதா என்று ஸ்டுடியோவில் முன்பே பாருங்கள். எங்கள் இரண்டாவது வீடியோவில், பேட்டி கொடுத்தவரின் வீட்டு ரேடியோவில் ஓடிய ஒரு பாட்டுக்காகக் கோரிக்கை வந்தது. அந்தப் பகுதியின் ஒலியை நீக்கிச் சரிசெய்துவிட்டுத்தான் தாளை எடுத்துக்கொண்டு போனோம். இல்லையென்றால் கடைக்காரர் தம் பெயர் போட்ட வீடியோ முடக்கப்பட்டதைத் தாமே கண்டுபிடித்திருப்பார்.

அந்த மூன்று வீடியோக்களும் முறையே 870, 1,040, 760 பார்வை போயிருந்தன. கடிதத்தில் சுமார் 900 என்று எழுதியிருந்ததால் மூன்றின் சராசரி 890 என்பதைப் பார்த்ததும் அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. இந்த முறை புதன்கிழமை காலை பத்து மணிக்குப் போயிருந்தோம். பதினைந்து நிமிடத்தில் காசோலை எழுதிக் கொடுத்துவிட்டார்.